சுடாத மண்ணும் நனைந்த கம்பளியும்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

விருத்தாசலத்தில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மணிமுத்தாற்று மணல் பங்குனியிலேயே காலைச் சுடுகின்ற ஊர் இது. ஆனாலும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கம்பளிக் கார்டிகன் உண்டு. முன்பக்கம் முழுவதும் பித்தான் வைத்து, உடம்பெங்கும் சடைசடையாகப் பின்னல் ஓடும் பழுப்பு நிறக் கார்டிகன் அது. உதகையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியம்மா, தம் தங்கையாகிய என் அம்மாவுக்குத் தம் கையாலேயே பின்னிக் கொடுத்தது. மார்கழி விடியலில் கோலம் போடும்போதும், ஆண்டுக்கொரு முறை உதகைக்குப் போகும்போதும் மட்டுமே அம்மா அதை வெளியே எடுப்பார்.

அதைப் பின்னி முடித்த மறு ஆண்டே பெரியம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கி மடங்காமல் போயின. இனி அவரால் ஊசி பிடிக்க முடியாது. ஆகவே அந்தச் சட்டைக்கு இணையாக இன்னொன்று கிடையாது. அப்படிப்பட்ட பொருளைத்தான் நான் கெடுத்தேன்.

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா அடுத்த மாதம் உதகைக்குப் புறப்பட இருந்தார். அவருக்கு ஓர் உதவி செய்வோமே என்று கார்டிகனைத் துவைத்தேன். வெந்நீர் கூடாது, அடித்துத் துவைக்கக் கூடாது என்பது வரையில் எனக்குத் தெரிந்திருந்தது. பச்சைத் தண்ணீரில் ஷாம்பு கலந்து மெதுவாக அலசினேன். முறுக்கிப் பிழிந்தால் கெடும் என்று பிழியாமலே எடுத்து, தோள் இரண்டிலும் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது என் கண்களை நம்ப முடியவில்லை. அம்மாவின் இடுப்புக்கு வரும் சட்டை, முழங்காலை எட்டும் அங்கியாக நீண்டிருந்தது. கைகள் இரண்டும் தும்பிக்கைபோல் தொங்கின. அகலமோ குறுகிப் போயிருந்தது. பித்தான் பட்டியைக் கேட்கவே வேண்டாம், காய்ந்த வாழைச் சருகுபோல் நெளிந்து கிடந்தது.

நான்கு நாள் மறைத்தேன். ஐந்தாம் நாள் அம்மா பெட்டியைத் திறந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிரவு அப்பா வேலையிலிருந்து வந்தார். அவர் நம் ஊர் செராமிக் தொழிற்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாக அச்சு வேலை பார்ப்பவர். பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பதே அவர் தொழில். சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது சுட்ட மண்ணா, சுடாத மண்ணா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். "அச்சுல இருந்து எடுத்த பொம்மை காஞ்சு போயிருந்தாலும், சூளைக்குள்ள போகாத வரைக்கும் தண்ணியில போட்டா மறுபடி கூழாயிடும். திரும்ப ஊத்தலாம். சூளைக்குப் போயிட்டு வந்துட்டா உடைக்கத்தான் முடியும். இது எந்த நிலைமையில இருக்குன்னு உங்க பெரியம்மாவைக் கேளு."

கேட்டேன். தொலைபேசியில் நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா, "கொடியில போட்டியா?" என்றார்.

"ஆமாம் பெரியம்மா."

"வெந்நீர்ல போட்டியா? தேய்ச்சியா?"

"இல்லை பெரியம்மா."

"அப்ப பயப்படாதே. தண்ணி கெடுத்ததைத் தண்ணியே சரி பண்ணும்."

வேதியியல் மாணவியாகிய எனக்கு இந்தச் சொல் உறுத்தியது. எப்படிச் சரி பண்ணும்? அதைத் தேடிப் படித்ததையும், செய்து பார்த்ததையுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கெட்டது எப்படி என்று பார்ப்போம். பருத்தி நூலைப் போலவே கம்பளி இழையும் தண்ணீரை உள்ளே வாங்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதற்கும் மேல், நூலுக்கும் நூலுக்கும் இடையே உள்ள சந்துகளில் நீர் தேங்கும். சடைப்பின்னலில் இந்தச் சந்துகள் மிகுதி. ஆறு கண்ணிகளில் மூன்றை ஒரு தனி ஊசியில் ஒதுக்கி வைத்து, மற்ற மூன்றை முதலில் பின்னி, பிறகு ஒதுக்கியதைப் பின்னினால் ஒரு முறுக்கு விழும். அந்த முறுக்கு துணியைப் பக்கவாட்டில் உள்ளே இழுக்கும். ஆகவே அதே அகலத்துக்குச் சாதாரணப் பின்னலைவிடக் கூடுதல் நூல் செலவாகும். நூல் கூடினால் எடை கூடும், பிடித்து வைக்கும் நீரும் கூடும். இரண்டாம் முறை நனைத்தபோது அப்பாவின் தராசில் நிறுத்துப் பார்த்தேன். காய்ந்த நிலையில் 600 கிராம் இருந்த சட்டை, நீர் சொட்டச் சொட்ட எடுத்தபோது 2 கிலோவைத் தாண்டியது.

இந்த 2 கிலோவைத் தாங்குவது யார்? கொடியில் தொங்கும்போது ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சுமக்கிறது. தோளை ஒட்டிய வரிசை ஏறத்தாழ முழு எடையையும் சுமக்கும். நடு வரிசை பாதியைச் சுமக்கும். கடைசி வரிசைக்குச் சுமையே இல்லை. இது வெறும் ஊகமன்று. சட்டையின் சடையில் முறுக்குக்கு முறுக்கு இடைவெளியை அளந்தேன். அடிப்பக்கத்தில் ஒன்றரை அங்குலம், தோளருகே இரண்டேகால் அங்குலம்! சட்டை எல்லா இடத்திலும் ஒரே சீராக நீண்டிருக்கவில்லை. உங்கள் வீட்டில் ஒரு ஸ்வெட்டர் தொங்கி நீண்டதா, அல்லது முதலிலேயே நீளமாகப் பின்னப்பட்டதா என்று அறிய இதுவே வழி.

நீளம் எங்கிருந்து வந்தது? நூல் பெரிதாக நீளவில்லை, கண்ணியின் வடிவந்தான் மாறியது. அகன்ற வளையமாக இருந்த கண்ணியை மேலும் கீழும் இழுத்தால் அது ஒடுங்கி உயரமாகும். நூல் அதே நூல்தான். நீளத்தில் கூடியது அகலத்தில் குறைந்தது. ஆகவேதான் சட்டை நீண்டதோடு குறுகவும் செய்தது.

இனி, அது ஏன் அப்படியே நின்றுவிட்டது என்ற கேள்வி. பெண்களுக்கு இதை விளக்குவது எளிது. ஈரத் தலையைப் பின்னிக் காயவிட்டு மறுநாள் அவிழ்த்தால் கூந்தல் அலையலையாக இருக்கும். தலைக்குக் குளித்தால் அலை போய்விடும். கூந்தலும் கம்பளியும் ஒரே பொருளால், கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. அந்தப் புரதச் சங்கிலிகளைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டி வைத்திருப்பவை இரண்டு வகைப் பிணைப்புகள். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. எண்ணிக்கையில் மிக அதிகம், ஆனால் வலுவற்றது. நீர் நுழைந்தால் அவிழும், நீர் வெளியேறினால் அப்போது இழை எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மீண்டும் கட்டிக்கொள்ளும். மற்றொன்று கந்தகப் பிணைப்பு. அதைப் பச்சைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. இழையின் பிறவி வடிவத்தை அதுதான் காத்து வைத்திருக்கிறது. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி என்பவர் கம்பளி இழைகளை ஈரத்தில் இழுத்து எக்ஸ் கதிர்ப்படம் எடுத்து, உள்ளே சுருண்டிருக்கும் சங்கிலிகள் இழுக்கும்போது நிமிர்வதையும், விட்டால் மீண்டும் சுருள்வதையும் காட்டினார். நனைந்த கம்பளி இழையை ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு நீட்டினாலும், தண்ணீரிலேயே தளர்த்தி விட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும்.

ஆக, கொடியில் நான் செய்தது கண்ணிகளை ஒடுக்கி, அந்த ஒடுங்கிய வடிவிலேயே காய வைத்தது. ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்த வடிவைப் பூட்டிவிட்டன. மீண்டும் நனைத்தால் பூட்டு திறக்கும். அப்பாவின் மொழியில் இது சுடாத மண். வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தால் வேறு கதை. கம்பளி இழையின் மேலே செதில்கள் உண்டு. தேய்க்கும்போது ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டி, துணி சுருங்கித் தடித்துவிடும். கண்ணிகளே கண்ணுக்குத் தெரியாது. அது சூளைக்குப் போய் வந்த மண், மீட்சி இல்லை. என் சட்டையில் கண்ணிகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி தெளிவாக இருந்தன.

இன்னொரு சோதனையும் செய்யச் சொன்னார் பெரியம்மா. நூல் உண்மையான கம்பளிதானா என்பது. கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். அது இழைக்குள் நீரை வாங்குவதே இல்லை எனலாம். ஆகவே நீரால் அதற்கு வடிவம் கொடுக்கவும் முடியாது. தனியே இருந்த ஒரு துண்டு நூலைக் குறடால் பிடித்து நெருப்பில் காட்டினேன். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது, சாம்பல் விரலில் நொறுங்கியது. கம்பளிதான். அக்ரிலிக்காக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நின்றிருக்கும்.

அடுத்தது அளவு. பழைய அளவு யாருக்குத் தெரியும்? "பித்தான் கவர்ல ஒரு சின்னத் துண்டு வெச்சிருக்கேனே, அதை எடு" என்றார் பெரியம்மா. உபரிப் பித்தான்களோடு, உள்ளங்கை அகலத்தில் ஒரு பின்னல் துண்டு இருந்தது. சட்டை தொடங்குமுன் அளவு பார்க்கப் பின்னிய மாதிரி அது. கொடி ஏறாத துண்டு. அதில் 24 கண்ணி 4 அங்குலம், 28 வரிசை 4 அங்குலம். சட்டையின் முதுகில் எண்ணினேன். குறுக்கே 120 கண்ணி. ஆகவே அகலம் 20 அங்குலம். கீழிருந்து மேலாகப் பட்டி 14 வரிசை, அதற்கு மேல் பத்து வரிசைக்கு ஒன்றாக 14 முறுக்கு, அதாவது 140 வரிசை. ஆக 154 வரிசை. அங்குலத்துக்கு 7 வரிசை என்றால் நீளம் 22 அங்குலம். கொடியிலிருந்து எடுத்த சட்டையோ 29 அங்குல நீளமும் 17 அங்குல அகலமும் இருந்தது. துணி நீளலாம், குறுகலாம். கண்ணிகளின் எண்ணிக்கை பொய் சொல்லாது.

பிறகு வேலையைத் தொடங்கினோம். பின்னல்காரர்கள் இதை பிளாக்கிங் என்பார்கள். நனைத்து, வடிவத்தில் கிடத்தி, அந்த வடிவிலேயே காய வைப்பது. இதமான நீரில் அரைமணி நேரம் அசைக்காமல் ஊற வைத்தேன். இழையின் உள்வரை நீர் போக அவ்வளவு நேரம் வேண்டும். மேலே தெளித்தால் போதாது. எடுக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்கவில்லை. குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளையும் அடியில் கொடுத்து முழுச் சுமையையும் தாங்கி எடுத்தேன். கையால் அழுத்தி நீரை வடித்து, பெரிய துண்டின்மேல் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் துண்டோடு சுருட்டி, அதன்மேல் முழங்காலிட்டு அமுக்கினேன். இரண்டு துண்டுகள் நனைந்தபின் தராசில் 1 கிலோ காட்டியது. பாதிக்கு மேல் சுமை போயிற்று.

கயிற்றுக் கட்டிலின்மேல் கோரைப்பாய், அதன்மேல் பழைய வேட்டி. கீழிருந்தும் காற்று வரட்டும் என்பதற்காகவே கட்டில். வேட்டியில் 20க்கு 22 என்று பென்சிலால் முன்பே கோடு போட்டிருந்தேன். சட்டையை அதற்குள் வைத்து, இழுக்காமல், உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தள்ளித் தள்ளிக் குறுக்கினேன். ஒடுங்கிக் கிடந்த கண்ணிகள் ஈரத்தில் தாமாகவே அகலத் தொடங்கியதைப் பார்க்க அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தோள்பக்கம் அதிகம் நீண்டிருந்ததால் அங்கேதான் அதிகம் தள்ள வேண்டியிருந்தது. ஓரங்களில் துருப்பிடிக்காத குண்டூசிகளைக் குத்தினோம். சாதாரண குண்டூசி ஈரக் கம்பளியில் ஓரிரவிலேயே துருக்கறை விடும்.

இங்கே இரண்டு தவறுகள் செய்தேன். முதலாவது, ஊசிகளை மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்தியது. மறுநாள் பார்த்தால் ஓரம் தோரணம் கட்டியதுபோல் வளைந்து வளைந்து காய்ந்திருந்தது. அந்த ஓரத்தை மட்டும் ஈரத் துணியால் நனைத்து, அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்திய பிறகே நேரானது. இரண்டாவது, அகலம் போதவில்லையோ என்ற பயத்தில் பக்கவாட்டில் இழுத்தது. சடைகள் தட்டையாகிவிட்டன. "சடை மேடா நிக்கணும், அதைப் பரத்தக் கூடாது" என்று பெரியம்மா முன்பே சொல்லியிருந்தார். மீண்டும் நனைத்து, அகலத்தை 20க்கே விட்டு, ஒவ்வொரு சடையையும் இரு பக்கமும் விரலால் கிள்ளி மேடாக நிமிர்த்தினேன். பித்தான்களைப் போட்டு மூடிய நிலையில் முன்பட்டியைத் தட்டிச் சமன் செய்தேன்.

அது அடைமழைக் காலம். மின்விசிறிக்கு அடியில் இரண்டரை நாள் ஆயிற்று. இரண்டாம் நாள் ஒருமுறை புரட்டிப் போட்டோம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், மடிப்புகளிலும் சடையின் உட்புறத்திலும் குளிர்ச்சி இருக்கும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. ஈரம் மிச்சம் இருந்தால் பூட்டு முழுமையாக விழவில்லை என்று பொருள். எல்லாம் முடிந்தபின் அளந்தேன். அகலம் 20, நீளம் இருபத்திரண்டரை. அந்த அரை அங்குலத்தோடு, கிளிப் கடித்த இடத்தில் தோளில் ஒரு சிறு மேடும் மிச்சம் நின்றது.

இந்த வெற்றியில் தலைகால் புரியாமல், என்னுடைய குரோஷா கார்டிகனையும் அதே முறையில் சரி செய்ய முனைந்தேன். பருத்தி நூலில், ஒற்றைக் கொக்கி ஊசியால், தோழி ஒருத்தியிடம் கற்றுப் போட்டது. உயரமான தூண்களும் நடுவே ஓட்டைகளுமான பூப்பின்னல் அது. அணிந்து அணிந்து 21 அங்குலம் 24 ஆகியிருந்தது. நனைத்து, கிடத்தி, ஊசி குத்தினேன். 21க்கு வந்தது. கல்லூரிக்கு அணிந்து வந்தேன். சாயங்காலம் அளந்தால் மறுபடி 24!

காரணத்தை யோசித்தால் விளங்கும். கம்பளி இழைக்குப் பிறவியிலேயே சுருள் உண்டு, இழுத்துவிட்டால் திரும்ப வரும் துள்ளல் உண்டு. பருத்திக்கு இரண்டும் இல்லை. நனைந்தால் வலு கூடுமேயன்றி மீளும் குணம் கூடாது. அதோடு என் பின்னலில் தூண்கள் உயரம், இடையே வெற்றிடம். சட்டை தன் எடையால் கீழே இழுக்கும்போது வெற்றிடங்கள் ஒடுங்கி வழிவிடுகின்றன. பிளாக்கிங் அதற்கு வடிவம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த வடிவைத் தாங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. இதற்கு மருந்து தண்ணீரில் இல்லை, தையலில் இருக்கிறது. நீளாத பருத்தி நாடாவை எடுத்து, ஒரு தோள் நுனியிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் நுனிவரை உட்புறம் வைத்துத் தைத்தேன். இப்போது தோளும் கழுத்தும் அகலவில்லை. நடுவுடல் மட்டும் ஓர் அங்குலம் இறங்குகிறது. அதை ஏற்றுக்கொண்டேன். இரண்டையும் இனி மடித்துத்தான் வைக்கிறோம், தொங்கவிடுவதில்லை.

அப்பாவிடம் இந்தத் தோல்வியைச் சொன்னபோது, "மண்ணுலயும் அப்படித்தான். எல்லா மண்ணும் நின்னு கொடுக்காது. நிக்காத மண்ணுக்கு முட்டு கொடுப்போம்" என்றார்.

மார்கழியில் அம்மா உதகைக்குப் போனார். நானும் உடன் போனேன். பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அம்மாவை அருகே இழுத்து, மடங்காத விரல்களால் சடையைக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே போனார். உதடுகள் எண்ணின. பதினான்கில் நின்றார். பிறகு விரல் தோளுக்குப் போயிற்று. அந்தச் சிறு மேட்டைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுதான் நீ கிளிப் போட்ட இடமா?"

"ஆமாம் பெரியம்மா. அடுத்த தடவை நனைக்கும்போது அதையும் எடுத்துடறேன்."

"இருக்கட்டும் விடு" என்றார் அம்மா.